பழைய மின்சாரக் கார் வாங்கும்போது பேட்டரிச் சூட்டைக் கணக்குப் பார்ப்பது எப்படி

கேள்வி: சிங்கப்பூரில் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், வீடு ஈசூன். ஒரு நாளைக்கு 220 கிலோமீட்டர் வரை ஓடும். பழைய மின்சாரக் கார் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2019 நிசான் லீஃப், 40 யூனிட் பேட்டரி. இன்னொன்று 2022 பிஒய்டி அட்டோ 3, 60 யூனிட், எல்எஃப்பி ரகப் பேட்டரி. லீஃப் விலை நன்றாகவே குறைவு. ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அந்த பேட்டரி தாங்காது என்கிறார்கள். உண்மையா? எல்எஃப்பி என்றால் சூட்டைப் பற்றிக் கவலையே வேண்டாமா?

பதில்:

உங்களிடம் சொன்னவர்கள் இரண்டு விஷயத்தை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். பேட்டரி என்ன ரகம் என்பது ஒன்று. அதில் உண்டாகும் சூடு எப்படி வெளியே போகிறது என்பது இன்னொன்று. ஒரு நாளைக்கு 220 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். மின்சார வண்டிகளின் பேட்டரிப் பெட்டியைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் வேலை. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ரகம். லீஃபின் 40 யூனிட் பேட்டரியில் இருப்பது என்எம்சி, அதாவது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் கலந்த ஆக்சைடு. அட்டோ 3-இல் இருப்பது எல்எஃப்பி, இரும்பு பாஸ்பேட். என்எம்சி அதே எடையில் அதிக மின்சாரம் வைத்துக்கொள்ளும். எல்எஃப்பி எடை கூடுதல், விலை குறைவு, அதிக முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். இவை செல்லின் ஒரு பக்கம். சார்ஜ் ஏறும்போது இரண்டிலும் லித்தியம் போய் ஒதுங்குகிற எதிர்ப்பக்கம் ஒன்றேதான்: கிராஃபைட், அதாவது பென்சில் கரி. வயதாவதில் பெரும்பங்கு நடப்பது அந்தக் கரிப் பக்கத்தில்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

செல்லுக்குள் இருக்கும் திரவம் கரியோடு மெல்ல வினைபுரிந்து அதன்மேல் ஒரு படலமாகப் படிகிறது. அந்தப் படலம் இல்லாமல் செல் வேலையே செய்யாது. ஆனால் அது தடிக்கத் தடிக்க, ஓட வேண்டிய லித்தியத்தில் கொஞ்சம் அதிலேயே மாட்டிக்கொண்டு திரும்பி வராது. பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். வண்டி சும்மா நின்றாலும் இது நடக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் கைக்கணக்கு. துல்லியமான விதியல்ல, ஆனால் திசை சரி. எல்எஃப்பியிலும் இதே கரி, இதே மாதிரித் திரவம்தான். ஆகவே எல்எஃப்பிக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை என்பது தவறு. அதற்கு இரண்டு சலுகை உண்டு, அவ்வளவுதான். முழுதாக ஏற்றினாலும் ஒரு செல்லின் மின்னழுத்தம் சுமார் 3.65 வோல்ட்டோடு நின்றுவிடும். என்எம்சி 4.2 வரை போகும், அந்த உயரத்தில் திரவம் இன்னொரு பக்கத்திலும் கெடத் தொடங்கும். இரண்டாவது, எல்எஃப்பி ஏற்றி இறக்குவதில் தேய்வது குறைவு.

இப்போது நம் ஊர் வெயில். 2012-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், குறிப்பாக ஃபீனிக்ஸ் பக்கம், முதல் தலைமுறை லீஃப் வைத்திருந்தவர்கள் பேட்டரி வேகமாகக் குறைகிறது என்று புகார் எழுப்பினார்கள். அடுத்த ஆண்டே நிசான் அங்கே கொள்ளளவுக்கென்று தனி உத்தரவாதம் கொடுத்தது. லீஃப் என்றால் வெயிலுக்கு ஆகாது என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த வண்டியில் இருந்தது மாங்கனீசு ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட வேறு ரகம், சூட்டில் சீக்கிரம் கெடக்கூடியது. நீங்கள் பார்க்கும் 40 யூனிட் வண்டி அது அல்ல. எனவே அரிசோனாக் கதையை அப்படியே எடுத்து இதன் தலையில் கட்டக் கூடாது.

அதே நேரம் சிங்கப்பூரில் 45 டிகிரி வருவதில்லையே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. இங்கே பதிவான உச்சமே 37 டிகிரிதான், கடைசியாக 2023 மே மாதம் அங் மோ கியோவில். ஆனால் ஃபீனிக்ஸுக்குக் குளிர்காலம் உண்டு, நமக்குக் கிடையாது. அங்கே ஆண்டு சராசரி சுமார் 24 டிகிரி, இங்கே 28-ஐ ஒட்டி. பேட்டரிக்கு இங்கே ஓய்வு மாதம் என்று ஒன்றில்லை. ஆனாலும் 28 டிகிரி என்பது செல்லுக்குக் கொடுமையல்ல, மிதமானதுதான். அடுக்கு வாகன நிறுத்துமிடத்தில் நிழலில் நின்று, மெல்ல ஏறி, குறைவாக ஓடும் லீஃப் இங்கே நிதானமாகத்தான் குறையும். பேட்டரியை வருத்துவது வானத்து வெயிலைவிட நாம் உள்ளே உண்டாக்கும் சூடு.

அதை உங்கள் ஓட்டத்தை வைத்தே கணக்குப் போடுவோம். லீஃப் பேட்டரியில் 192 பை வடிவச் செல்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து 96 ஜோடி வரிசையில், மொத்தம் சுமார் 350 வோல்ட். பெட்டியின் எடை ஏறத்தாழ 300 கிலோ. உள் மின்தடை மொத்தமாக 0.08 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இது வண்டிக்கு வண்டி மாறும், வயதானால் கூடும். 50 கிலோவாட் டிசி விரைவுச் சார்ஜரில் போட்டால் 143 ஆம்பியர் ஓடும். உள்ளே உண்டாகும் சூடு என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 1,600 வாட். அரை மணி நேரம் இப்படி ஏறினால், 300 கிலோ எடையுள்ள அந்தப் பொருளின் வெப்பநிலை சுமார் 10 டிகிரி கூடும். உண்மையில் வண்டி அரை மணி முழுக்க 50-இலேயே ஏற்றாது, பின்பகுதியில் குறைக்கும். ஆகவே இதை மேல்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே பேட்டரியை வீவக வாகன நிறுத்துமிடத்தில் இருக்கும் மெதுவான ஏசி சார்ஜரில், 6.6 கிலோவாட்டில் போட்டுப் பாருங்கள். மின்னோட்டம் 19 ஆம்பியர். சூடு 30 வாட்கூட வராது. மின்னோட்டம் ஏழரை மடங்கு குறைந்தது, சூடோ ஐம்பது மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வர்க்கம் என்ற அந்த ஒரு சொல்தான் காரணம். இரவெல்லாம் ஏசி சார்ஜரில் ஏற்றினால் பேட்டரிக்கு நோகாது என்று நாங்கள் சொல்வதன் அடிப்படை இதுதான்.

சரி, உங்கள் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் ஈசூன் நிறுத்துமிடத்தில் பேட்டரி 30 டிகிரியில் இருக்கிறது. புதிதாக இருந்தபோதே 40 யூனிட்டில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வந்திருக்கும். இத்தனை ஆண்டுக்குப் பிறகு, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, பயணிகளோடு 180 வந்தால் நல்லது. ஆகவே நடுவில் ஒருமுறையாவது டிசி தேவை, மழை நாளில், விமான நிலைய ஓட்டம் கூடின நாளில், இரண்டு முறை. காலை ஓட்டத்தில் மூன்று நான்கு டிகிரி கூடும். முதல் டிசியில் 43 டிகிரிக்கு வரும். அப்புறம் நீங்கள் மதியம் சாப்பிட்டு வருவதற்குள் அது இறங்கிவிடாது. லீஃபின் பேட்டரிப் பெட்டி மூடி முத்திரையிட்டது. உள்ளே குளிர்நீர்க் குழாய் இல்லை, விசிறிகூட இல்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாகவே கிடப்பதுபோல, 300 கிலோ உலோகமும் கரியும் ஒரு மூடிய பெட்டிக்குள் ஆறுவதற்கு ஓர் இரவு பிடிக்கும். இரண்டாவது டிசிக்குப் போகும்போது 45-இல் தொடங்கும். அந்த நிலையில் வண்டியே தற்காப்புக்கு மின்சாரத்தைக் குறைத்து வாங்கும். முன்பு 45 கிலோவாட்டில் ஏறியது இப்போது அதில் பாதிக்கும் கீழே போகலாம். இந்தத் தலைமுறை லீஃப் வெளிவந்த புதிதில், 2018-இல், பல நாடுகளில் இதுதான் பெரிய புகாராக இருந்தது. வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அது நேரடியாக வருமான இழப்பு.

வயது கணக்கு தனி. ஒவ்வொரு நாளும் பிற்பகல் முதல் நள்ளிரவு வரை 42, 45 டிகிரியில் கிடக்கும் பேட்டரியை, 30-இல் கிடக்கும் பேட்டரியோடு ஒப்பிட்டால், அந்த மணி நேரங்களில் வயதாகும் வேகம் இரண்டு மூன்று மடங்கு. இத்தனை ஆண்டில் இத்தனை சதவீதம் குறையும் என்று நான் எண் சொல்ல மாட்டேன். ஓட்டுபவரின் பழக்கத்தைப் பொறுத்து அது அவ்வளவு மாறுகிறது. ஒரே ஆண்டு, ஒரே மாதிரி லீஃப் இரண்டு வந்து, ஒன்றின் பேட்டரி இன்னொன்றைவிடத் தெளிவாக மோசமாக இருப்பதைப் பார்க்கிறோம். விசாரித்தால் பெரும்பாலும் மோசமானது டிசியிலேயே வாழ்ந்ததாக இருக்கும்.

பெட்டிக்குள் இன்னொன்றும் நடக்கிறது. எல்லாச் செல்லும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. நடுவில் அடைபட்டிருப்பவை கூடுதலாகச் சூடாகும், விளிம்பில் இருப்பவை கொஞ்சம் ஆறும். வரிசையில் கோத்த 96 ஜோடியில் எது முதலில் காலியாகிறதோ அங்கேயே வண்டி நிறுத்திக்கொள்ளும். மற்ற 95-இல் மின்சாரம் மிச்சம் இருந்தும் பயனில்லை. குளிர்விப்பின் வேலை சராசரிச் சூட்டைக் குறைப்பது மட்டுமல்ல. முதல் செல்லுக்கும் கடைசிச் செல்லுக்கும் இடையில் நாலைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலைதான்.

அட்டோ 3-இல் வண்டியின் குளிரூட்டிக் கம்ப்ரசரிலிருந்து குளிர்வாயுவையே பேட்டரிமேல் இருக்கும் தட்டு வழியாக ஓட்டுகிறார்கள். வேறு பல வண்டிகளில் கிளைகால் திரவம் கலந்த நீரை அடித்தட்டில் ஓட்டி, அந்த நீரைக் குளிரூட்டி மூலம் குளிர்விப்பார்கள். இரண்டு முறையும் வேலை செய்யும். அட்டோ 3 டிசியில் இன்னும் வேகமாக ஏறும், ஆகவே சூடும் கூடுதலாகவே உண்டாகும். ஆனால் அது உண்டாகும்போதே வெளியேற்றப்படுகிறது. 60 யூனிட் என்பதால் உங்கள் 220 கிலோமீட்டரில் பெரும்பகுதியை இரவு ஏசி சார்ஜரில் ஏற்றியதை வைத்தே முடித்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம். நடுப்பகலில் டிசிக்குப் போகவே தேவையில்லாத நாட்கள் நிறைய இருக்கும்.

ஆகவே உங்கள் வேலைக்கு அட்டோ 3 என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காரணம் எல்எஃப்பி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்விப்பு உள்ள 60 யூனிட் என்எம்சி வண்டி ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் அதையும் இதே மூச்சில் சொல்வேன். அதேபோல, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அலுவலகம் போய் வந்து, ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர் கேட்டிருந்தால் லீஃபை வாங்கச் சொல்லியிருப்பேன். 2019 வண்டிக்கு சிஓஇ 2029 வரைதான். அதுவரை ஏசி சார்ஜில் அது ஓடிவிடும். லீஃபின் டிசி முனை சாடெமோ வகை என்பதையும் கவனியுங்கள். இங்கே டிசி சார்ஜர்களில் பெரும்பாலானவை சிசிஎஸ்2. வழியில் சாடெமோ இல்லாவிட்டால் உங்கள் ஓட்டத்துக்கு அது தொடக்கத்திலேயே அடிபட்டுப் போகும்.

தீயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சூடு என்றதும் மனத்தில் அதுதான் வரும். செல்லுக்குள் சுமார் 80 முதல் 120 டிகிரிக்குள் அந்தக் கரிப் படலம் சிதையத் தொடங்கும். 130 பக்கம் இரு பக்கத்தையும் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் உருகும். அதற்குமேல் சூடே சூட்டை வளர்க்கும். என்எம்சி அந்தக் கட்டத்தில் தன்னிடமிருக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும். எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு சுலபமாக விடாது. அது பாதுகாப்பானது என்பதற்கு உண்மையான காரணம் இது. ஆனால் அதுவும் எரியக்கூடிய வாயுவை விடும், எனவே எரியவே எரியாது என்பது சரியல்ல. நம் வெயிலுக்கும் 80 டிகிரிக்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது. 2021-இல் ஹூண்டாய் கோனா, செவ்ரலே போல்ட் வண்டிகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டது செல் தயாரிப்புக் குறையால், ஊர் வெயிலால் அல்ல. பழைய வண்டியில் நான் பார்ப்பது அடிப்பாகத்தைத்தான். லிஃப்டில் தூக்கி, பேட்டரித் தகட்டில் நசுங்கல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாலை நடுத்திட்டில் ஏறி இறங்கிய வண்டியில் அந்தத் தகடு உள்வாங்கியிருக்கும். அப்படி இருந்தால் வேண்டாம்.

எந்த வண்டியை எடுத்தாலும் இரண்டு சோதனை செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். ஒன்று குளிர்விப்பு. மதிய வேளையில் விரைவுச்சாலையில் அரை மணி ஓட்டிவிட்டு நேராக டிசி சார்ஜருக்குப் போய், உள்ளே குளிரூட்டியை அணைத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் நில்லுங்கள். சில நிமிடத்தில் கம்ப்ரசரும் முன்விசிறியும் எடுக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காமல், திரையில் காட்டும் கிலோவாட்டும் 30, 40 சதவீதச் சார்ஜிலேயே இறங்கிக்கொண்டு போனால் ஏதோ சரியில்லை. பேட்டரி உண்மையிலேயே சூடாகாமல் இருந்தாலும் சத்தம் வராது, அதனால் ஓட்டிய பிறகு செய்வது முக்கியம். லீஃபில் இந்தச் சோதனைக்கு வேலையில்லை, அதில் குளிர்விக்க எதுவுமில்லை.

இரண்டாவது கொள்ளளவு. என்எம்சி வண்டியில் பழுது கண்டறியும் முனையில் ஒரு கருவியைச் செருகிச் செல் மின்னழுத்தங்களைப் பார்க்கலாம். வண்டி நிற்கும்போது செல்களுக்கு இடையே வித்தியாசம் 20 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அழுத்தி முடுக்கும்போது ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிட 100 மில்லிவோல்ட் கீழே விழுந்தால் அந்த ஜோடி பலவீனம். எல்எஃப்பியில் இந்த வித்தையை நடுச் சார்ஜில் செய்து ஏமாறாதீர்கள். 30-இலிருந்து 80 சதவீதம் வரை அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய அசையாது, ஆகவே நல்ல செல்லும் கெட்ட செல்லும் ஒரே எண்ணைக் காட்டும். வித்தியாசம் தெரிவது முழுதாக ஏறும் முனையிலும் காலியாகும் முனையிலும்தான். இதே காரணத்தால் வண்டியின் கணினிக்கே சதவீதம் குழம்பும். எல்எஃப்பி வண்டியை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வது அந்தக் குழப்பம் தீரத்தான். திரையில் பேட்டரி ஆரோக்கியம் 98 என்று காட்டினால் எல்எஃப்பியில் நான் அதை நம்புவதில்லை.

அதற்குப் பதில் அளந்துவிடுங்கள். வண்டியை முதலில் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லுங்கள். பிறகு 10 சதவீதம் வரை ஓட்டி இறக்குங்கள். ஏசி சார்ஜரில் போட்டு 100 வரை ஏற்றி, சார்ஜர் செயலியில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். எட்டு மணி நேரம் பிடிக்கும், விற்பவர் முணுமுணுப்பார், விடாதீர்கள். ஏசி சார்ஜரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் சுமார் பத்தில் ஒரு பங்கு வீணாகும். 60 யூனிட் ஏறியதாகக் காட்டினால் பேட்டரிக்குள் போனது 54. அது 90 சதவீதத்துக்கானது, ஆக மொத்தம் 60, புதுசு மாதிரி. 50 தான் காட்டுகிறது என்றால் உள்ளே போனது 45, மொத்தம் 50, புதியதில் 83 சதவீதம். இந்தக் கணக்கில் மூன்று நான்கு சதவீதம் முன்பின் இருக்கும். ஆகவே 95-க்கும் 92-க்கும் சண்டை போட வேண்டாம். ஆனால் 2022 வண்டி 85-க்குக் கீழே வந்தால், முந்தைய ஓட்டுநர் அதை எப்படி வைத்திருந்தார் என்று கேளுங்கள். உத்தரவாதம் இன்னும் மிச்சம் இருக்கிறதா, வாடகை ஓட்டத்துக்கும் அது செல்லுமா என்பதையும் முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தனியாருக்கு ஒரு உத்தரவாதம், வாடகை வண்டிக்குக் குறைந்த ஒன்று என்று வைத்திருப்பவர்கள் உண்டு.

வாங்கிய பிறகு பழக்கம் எளிது. இரவில் ஏசி சார்ஜ், காலைப் புறப்பாட்டுக்கு ஒட்டி முடியும்படி நேரம் வைத்து. வாரம் ஒருமுறை 100, மற்ற நாள் ஓட்டத்துக்குத் தேவையான அளவு. ஊருக்குப் போய் மூன்று வாரம் வண்டி நிற்கப் போகிறது என்றால் 50-க்குப் பக்கத்தில் விட்டு, மேல்தளத்து வெயிலில் இல்லாமல் நடுத்தளத்தில் நிறுத்திவிட்டுப் போங்கள்.